உடைந்த பியூரெட்டின் கணக்கு

பள்ளி ஆய்வகத்தில் ஓராண்டில் எது உடைகிறது, ஏன் உடைகிறது, அதை ஈடுகட்ட எவ்வளவு ஆகும்? இருப்புப் பதிவேட்டை ஒழுங்காக எழுதினால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வக அலமாரியில் தடித்த அட்டை போட்ட சில நோட்டுகள் இருக்கும். வாங்கியதையும் கையில் இருப்பதையும் சொல்வது இருப்புப் பதிவேடு. யாரிடம் எது கொடுக்கப்பட்டது என்று சொல்வது வழங்கல் பதிவேடு. உடைந்ததைச் சொல்வது உடைப்புப் பதிவேடு. பல பள்ளிகளில் இவை ஆடிட் வரும் வாரத்தில்தான் திறக்கப்படுகின்றன. அப்போது அவசர அவசரமாக ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஓராண்டு வரவு செலவு முழுவதும் எழுதப்படும். உடைப்புப் பக்கத்தில் "இல்லை" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும்.

அந்த "இல்லை" என்ற சொல்லைப் பார்த்து மகிழ ஒன்றும் இல்லை. அறுபது பிள்ளைகள் வாரந்தோறும் கண்ணாடிச் சாமான்களைக் கையாளும் இடத்தில் ஓராண்டு முழுவதும் எதுவுமே உடையவில்லை என்றால், ஒன்று செய்முறை வகுப்பே நடந்திருக்காது. அல்லது உடைந்தது எழுதப்பட்டிருக்காது. இரண்டுமே பிள்ளைகளைத்தான் பாதிக்கும். செய்முறைத் தேர்வு நாளில் முப்பது பேருக்கு இருபது பியூரெட்தான் தேறும் என்பது முந்தின நாள் மாலைதான் தெரியவரும்.

மூன்று வகைப் பொருள், மூன்று வகைக் கணக்கு

ஆய்வகப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுத முடியாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகள் (2017), கருவிகள், மேசை நாற்காலி போன்ற நிலையான பொருள்களுக்கு ஒரு கணக்கும், வேதிப்பொருள்கள் போன்ற நுகர்பொருள்களுக்கு வேறொரு கணக்கும் வைக்கச் சொல்கின்றன. இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. மாநில அரசுப் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் பதிவேட்டின் பெயரும் படிவமும் மாறலாம். அடிப்படை இதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கண்ணாடி. மைக்ராஸ்கோப்பைப் போலப் பத்தாண்டுக்கு அது நிற்காது. சோடியம் ஹைட்ராக்சைடைப் போலப் பயன்படுத்தியதும் தீர்ந்தும் போகாது. பியூரெட் கவனமாகக் கையாண்டால் பல ஆண்டு வரும், கை தவறினால் ஒரு நொடியில் போய்விடும். எனவே கண்ணாடிச் சாமானுக்கு மூன்றாவதாகத் தனிப் பதிவேடு அல்லது தனிப் பகுதி வேண்டும். அதில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். '250 மி.லி. பீக்கர்' ஒரு பக்கம், '100 மி.லி. பீக்கர்' இன்னொரு பக்கம். வெறுமனே 'பீக்கர்' என்று எழுதினால் எந்த அளவு குறைகிறது என்று கடைசிவரை தெரியாது.

கண்ணாடியின் ரகத்தையும் குறிக்க வேண்டும். போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரியும் அளவு, சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சுடரில் காட்டிய குழாயை ஈரமான ஸ்டாண்டில் வைத்தால் சாதாரணக் கண்ணாடி சட்டென்று விரிசல் விடுவதற்கு இதுவே காரணம். விலை மலிவு என்று வாங்கிய சோதனைக் குழாய்களும் நல்ல ரகக் குழாய்களும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தால், எது அதிகம் உடைகிறது என்ற கேள்விக்கு விடை இருக்காது.

பக்கத்தின் கணக்கு எளிது. ஆண்டுத் தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, உடைந்ததைக் கழித்தால் வருவது ஏட்டு இருப்பு. அலமாரியில் கையால் எண்ணினால் வருவது நேரடி இருப்பு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தை உடைப்பு என்று எழுதி மூடிவிடக் கூடாது. அதற்குப் பெயர் குறைவு. உடைப்புக்குத் தேதியும் காரணமும் இருக்கும். குறைவுக்கு இரண்டும் இருக்காது.

கொடுத்ததும் திரும்பியதும்

குறைவு பெரும்பாலும் வழங்கல் பதிவேட்டில் விட்ட ஓட்டை வழியாகத்தான் வருகிறது. வழங்கலில் இரண்டு விதம் உண்டு. முதலாவது, ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மேசைக்கும் கொடுக்கும் செட்: பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவை, ஸ்டாண்ட், வெள்ளை ஓடு. இவற்றில் மேசை எண்ணை எனாமல் பெயிண்டால் எழுதிவைத்தால், உடைந்த துண்டைப் பார்த்தே எந்த மேசையுடையது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, தற்காலிகமாகக் கொடுப்பது. பத்தாம் வகுப்பு ஆசிரியர் பாடம் நடத்த ஒரு பட்டகம் வாங்கிப் போவார். அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு பீக்கரும் ஒரு ஸ்பிரிட் விளக்கும் போகும். "நாளைக்குத் தந்துடறேன் சார்" என்ற வாய்ச்சொல்லில் போனவைதான் மார்ச் மாதக் கணக்கெடுப்பில் குறைவாக நிற்கும். வாங்கியவர் கையெழுத்து எல்லாப் பதிவேட்டிலும் இருக்கிறது. அத்துடன் திருப்பித் தர வேண்டிய தேதி, திரும்பி வந்தபோது இருந்த நிலை என இரண்டு கட்டங்கள் வேண்டும். நிலை என்ற கட்டம் இல்லாவிட்டால் விளிம்பு சிதைந்த பீக்கரும் "வரவு" என்றே ஏறிவிடும்.

ஓராண்டுக் கணக்கு

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் அறுபது அறிவியல் மாணவர்கள், முப்பது முப்பதாக இரண்டு பேட்ச். ஆண்டு இறுதியில் வேதியியல் ஆசிரியரும் ஆய்வக உதவியாளரும் சேர்ந்து எண்ணி எழுதிய சுருக்கம் கீழே இருக்கிறது. இதில் உள்ள எண்ணிக்கையும் விலையும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. விலை ஊருக்கும் ரகத்துக்கும் ஏற்ப மாறும்.

| பொருள் | தொடக்க இருப்பு | வாங்கியது | உடைந்தது | இறுதி இருப்பு | இன்றைய விலை (ரூ.) | ஈட்டுச் செலவு (ரூ.) |
|---|---|---|---|---|---|---|
| சோதனைக் குழாய் | 300 | 100 | 120 | 280 | 10 | 1,200 |
| பியூரெட் 50 மி.லி. | 32 | 4 | 9 | 27 | 350 | 3,150 |
| பிப்பெட் 20 மி.லி. | 32 | 6 | 7 | 31 | 120 | 840 |
| கூம்புக் குடுவை 250 மி.லி. | 40 | 10 | 8 | 42 | 110 | 880 |
| பீக்கர் 250 மி.லி. | 30 | 0 | 5 | 25 | 90 | 450 |
| வெப்பமானி | 12 | 0 | 2 | 10 | 140 | 280 |
| மொத்தம் | | | 151 | | | 6,800 |

இங்கே 'இன்றைய விலை' என்ற கட்டத்தைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் பியூரெட்டின் விலை 180 ரூபாய் என்று இருக்கலாம். அது பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய பில்லில் இருந்த விலை. அதை வைத்துப் பெருக்கினால் ஒன்பது பியூரெட்டுக்கு 1,620 ரூபாய்தான் வரும். அந்தத் தொகைக்கு இன்று நான்கு பியூரெட்தான் கிடைக்கும். கணக்கிலிருந்து நீக்குவதற்கு வாங்கிய விலை வேண்டும். புதிதாக வாங்கப் பணம் கேட்பதற்கு இன்றைய விலை வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, சுருக்கம் எழுதும் வாரத்தில் கடையில் புது விலைப்பட்டியல் வாங்கிக்கொள்வதே சரி.

இப்போது எண்களைப் படிக்கலாம். உடைந்த 151 பொருள்களில் 120 சோதனைக் குழாய்கள். எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கு. ஆனால் பணத்தில் அவை 1,200 ரூபாய்தான், மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒன்பதே ஒன்பது பியூரெட்கள் 3,150 ரூபாயை, ஏறக்குறைய பாதித் தொகையை, விழுங்கிவிட்டன. "பிள்ளைகள் டெஸ்ட் டியூப்பை உடைத்துத் தள்ளுகிறார்கள்" என்று ஆண்டு முழுவதும் கண்டித்துக்கொண்டிருந்த ஆய்வகத்தில், பணம் போன இடம் வேறாக இருந்திருக்கிறது.

பியூரெட் எங்கே உடைகிறது?

அந்த ஒன்பதுக்கும் காரணம் எழுதியிருந்தால் மட்டுமே அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். நம் மாதிரிப் பதிவேட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது. ஐந்து பியூரெட்கள் கழுவும்போது உடைந்தவை. நீளமான குழாயைத் தொட்டியில் சாய்த்துக் கழுவுகையில், கீழ்முனை பித்தளைக் குழாயிலோ தொட்டியின் ஓரத்திலோ இடித்துவிடுகிறது. இரண்டு, திருகு இறுகிப்போய், பலம் போட்டுத் திருப்பியதால் உடைந்தவை. ஒன்று, ஸ்டாண்டின் பிடியை அதிகமாக முறுக்கியதால் போனது. ஒன்று மட்டும் கை நழுவிக் கீழே விழுந்தது.

திருகு இறுகுவதற்கு வேதியியலிலேயே விடை இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசல் கண்ணாடியை மெல்ல அரிக்கும். கண்ணாடித் திருகு வைத்த பியூரெட்டில் காரத்தை இரவு முழுவதும் விட்டால், திருகுக்கும் அதன் உறைக்கும் நடுவே படிவு சேர்ந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வரும் மாணவர் வலுவாகத் திருப்புவார், கண்ணாடி முறியும். வகுப்பு முடிந்ததும் தண்ணீர் விட்டு அலசி, திருகைக் கழற்றி, நடுவே ஒரு காகிதத் துண்டு செருகி வைத்தால் இது நேராது. டெஃப்ளான் திருகு வைத்த பியூரெட்டில் இந்தச் சிக்கல் குறைவு, விலை கூடுதல். ரப்பர் குழாயும் கவ்வியும் வைத்த பியூரெட் மலிவு, காரத்துக்கும் ஏற்றது. ஆனால் அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊற்றக் கூடாது, ரப்பரை அது தாக்கும்.

ஆக, ஒன்பதில் ஏழு உடைப்புகள் இரண்டே காரணங்களால் வந்தவை. தொட்டியில் ஒரு ரப்பர் விரிப்பு, குழாய் முனையில் ஒரு துண்டு ரப்பர் டியூப், வகுப்பு முடிவில் திருகைக் கழற்றும் பழக்கம் ஆகியவற்றால் அவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். உடைப்புப் பதிவேட்டில் உடைத்தவர் பெயர் மட்டும் இருந்திருந்தால் இது ஒருபோதும் தெரிந்திருக்காது. ஐந்து மாணவர்களின் பெயர் இருந்திருக்கும். ஐந்து பேரும் ஒரே தொட்டியில் உடைத்தார்கள் என்பது இருந்திருக்காது.

வெப்பமானி கணக்கில் சிறியது, 280 ரூபாய். ஆனால் அது பாதரச வெப்பமானி என்றால் உடைந்த இடத்தில் வேலை பெரியது. விளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது. உருண்டைகள் இன்னும் சிறியவையாகச் சிதறும். ஜன்னலைத் திறந்துவிட்டு, தடித்த அட்டையாலும் துளிக்குழாயாலும் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் தண்ணீருக்கடியில் வைக்க வேண்டும். பாதரசம் சேகரிக்கப்பட்டதா என்பதும் உடைப்புப் பதிவில் இருக்க வேண்டும். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் உருவானது. அதற்குப் பிறகும் பள்ளிக்குப் பாதரச வெப்பமானியே மாற்றாக வாங்கத் தேவையில்லை. சிவப்புத் திரவம் வைத்த ஆல்கஹால் வெப்பமானி, பள்ளிச் சோதனைகள் பலவற்றுக்குப் போதும்.

அபராதம் மறைக்கும் உடைப்பு

சோதனைக் குழாய்க்குத் திரும்புவோம். உடைந்த 120-இல் மாணவர்கள் வந்து சொல்லி எழுதப்பட்டவை 46. மற்ற 74 ஆண்டு இறுதியில் எண்ணும்போதுதான் இல்லையென்று தெரிந்தது. சுருக்கத்தில் அவையும் 'உடைந்தது' என்றே ஏறியிருக்கின்றன. ஆனால் முறைப்படி அவை குறைவு. சொல்லி எழுதியதைவிடச் சொல்லாமல் போனது அதிகம் என்றால், அந்த ஆய்வகத்தில் பிள்ளைகள் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று பொருள்.

பயத்துக்கு வழக்கமான காரணம் அபராதம். "உடைச்சவன் காசு கட்டணும்" என்ற விதி நியாயமாகத்தான் தோன்றும். நடைமுறையில் அது உடைப்பைக் குறைக்காமல், உடைப்பு பற்றிய செய்தியைத்தான் குறைக்கிறது. உடைந்த சில்லுகள் குப்பைக் கூடைக்குள் காகிதத்துக்கடியில் போகும். மறுநாள் காலை கூடையைக் கொட்டும் துப்புரவுப் பணியாளரின் விரலைக் கிழிக்கும். பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போடுவதற்கு 'உடைந்த கண்ணாடி' என்று எழுதிய ஒரு தகர டப்பா தனியாக இருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு முடியும்வரை பியூரெட், பிப்பெட் போன்றவற்றின் துண்டுகளை அதிலேயே வைத்திருந்தால், கண்டம் செய்யும் குழுவுக்கும் சாட்சியாக இருக்கும்.

இன்னும் மோசமானது, முனை சிதைந்த பிப்பெட் சத்தமில்லாமல் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போவது. பிப்பெட்டின் கூரிய முனை, திரவம் குறிப்பிட்ட வேகத்தில் வடிவதற்காகக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. முனை உடைந்து வாய் அகன்றுவிட்டால் திரவம் வேகமாக ஓடிவிடும். உட்சுவரில் ஒட்டிய படலம் முழுதாக வழிய நேரம் கிடைக்காது. 20 மி.லி. என்று நினைத்து மாணவர் விட்டது சற்றுக் குறைவாக இருக்கும். அது 0.2 மி.லி. குறைந்தால் விடையில் ஒரு சதவீதப் பிழை. அந்தப் பிள்ளை முறையாகத்தான் செய்திருப்பாள். கணக்கும் சரியாகப் போட்டிருப்பாள். மதிப்பெண் மட்டும் குறையும். ஒரு பேட்ச்சில் ஒரே மேசையின் விடை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகினால், மாணவரைக் கேட்பதற்கு முன் பிப்பெட்டின் முனையைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கவனக்குறைவால் நேர்ந்ததையும் விளையாட்டுத்தனமாக வேண்டுமென்றே உடைத்ததையும் பிரித்து, பின்னதற்கு மட்டும் பெற்றோரிடம் பேசினால் போதும். வந்து சொன்ன பிள்ளையிடம் காசு கேட்கக் கூடாது. அந்தச் சில நூறு ரூபாயைவிட அவர் சொன்ன செய்தி பள்ளிக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

சுருக்கம் தலைமையாசிரியரிடம் போகும்போது, 6,800 ரூபாய்க்கு உடைந்தது, எனவே 6,800 ரூபாய் வேண்டும் என்று எழுதுவதுதான் வழக்கம். அது தவறான கணக்கு. உடைந்ததன் மதிப்பு வேறு, வாங்க வேண்டியது வேறு. வாங்க வேண்டியதைக் கணக்கிட மூன்று எண்கள் போதும்: செய்முறைத் தேர்வு நாளில் கையில் இருக்க வேண்டியது, அதுவரை உடையக்கூடியது, இப்போது இருப்பது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும்.

பியூரெட் தேவை 30. சென்ற ஆண்டு உடைந்தது 9, இருப்பு 27. முப்பதும் ஒன்பதும் முப்பத்தொன்பது. இருபத்தேழு போக 12 வாங்க வேண்டும், 4,200 ரூபாய். பிப்பெட் தேவை 30, உடையக்கூடியது 7, இருப்பு 31. வாங்க வேண்டியது 6, 720 ரூபாய். சோதனைக் குழாய் ஒரு மாணவருக்கு எட்டு வீதம் 240, உடையக்கூடியது 120, இருப்பு 280. வாங்க வேண்டியது 80, 800 ரூபாய். கூம்புக் குடுவை, பீக்கர், வெப்பமானி மூன்றும் தேவைக்குப் போதும் அளவு இருப்பதால் வாங்கவே வேண்டாம். மொத்தம் 5,720 ரூபாய்.

இத்துடன் காரணக் கட்டத்தையும் சேர்த்துப் பார்ப்போம். தொட்டியில் ரப்பர் விரிப்பு போட்டு, திருகுகளைக் கழற்றிவைக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு ஒன்பது பியூரெட்டுக்குப் பதில் நான்கு உடையும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது வாங்க வேண்டியது 7 பியூரெட்தான், 2,450 ரூபாய். மொத்தம் 3,970 ரூபாயாக இறங்கும். அதற்கு மேல் விரிப்புக்கு ஒரு சிறு செலவு. மிஞ்சிய பணத்தில், காரத்துக்கென்று சில டெஃப்ளான் திருகு பியூரெட்களை வாங்கலாமா என்று யோசிக்க இடம் கிடைக்கிறது.

நான்கு என்பது இப்போதைக்கு ஓர் ஊகம்தான். ஓராண்டுக் கணக்கை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஒன்பது என்ற எண்ணே சிறியது, ஒரு நல்ல ஆண்டில் தானாகவே ஐந்தாகலாம். மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதினால்தான் ரப்பர் விரிப்பு வேலை செய்ததா என்று சொல்ல முடியும். பதிவேட்டை ஆடிட் வாரத்தில் மொத்தமாக எழுதக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம். உடைந்த அன்றே, மையில், அடித்துத் திருத்தாமல் எழுத வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும்.

எழுதுவதற்கு அதிக நேரமும் ஆகாது. தேதி, பொருள், மேசை எண், எந்த வேலையின்போது உடைந்தது, எப்படி உடைந்தது, சொன்னவர் யார், ஆசிரியர் கையெழுத்து. ஏழே கட்டங்கள். செய்முறைத் தேர்வு முடிந்த வாரத்தில் எண்ணி, கோடை விடுமுறைக்குள் விலைப்பட்டியல் வாங்கி, ஜூனில் பள்ளி திறக்கும்போது சுருக்கம் தலைமையாசிரியர் மேசையில் இருந்தால், முதல் செய்முறை வகுப்புக்கு முன்பே பொருள் வந்துவிடும். ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிகளில் இந்தச் சுமை வேதியியல் ஆசிரியர் மேல் விழுகிறது. அங்கே ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு மாணவர்களை மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி எழுதப் பழக்கலாம். கையெழுத்தும் பொறுப்பும் ஆசிரியருடையதாக இருக்கட்டும். எப்படி உடைந்தது என்று உண்மையாக எழுதுவதும் செய்முறைப் பாடத்தின் ஒரு பகுதிதான். கண்டதைக் கண்டபடி குறிப்பதற்குத்தானே பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.